நான்கு லட்சம் போட்ட எஃப்.டி.யில் 3,97,466 ரூபாய் வந்தது எப்படி?

2025 மே 30 அன்று அக்கா தன் எஃப்.டி.யை உடைத்தாள். அன்று மாலை பாஸ்புக்கை என் முன்னால் விரித்து வைத்து ஒரே ஒரு வரியைக் காட்டினாள். வரவு 3,97,466 ரூபாய். ஒரு வருடத்துக்கு முன்னால் அவள் போட்டதோ நான்கு லட்சம்.

"ஒரு பர்சன்ட் அபராதம்னு சொன்னாங்க. வட்டியில ஒரு பர்சன்ட் கொறையும்னுதானே அர்த்தம்? அசலே கொறஞ்சு வந்திருக்கே!"

வங்கி தப்புக் கணக்குப் போட்டுவிட்டது என்பது அவளுடைய முடிவு. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. வங்கி கொடுத்த கணக்கு முடிப்புத் தாளையும் எஃப்.டி. ரசீதையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கால்குலேட்டரோடு உட்கார்ந்து பார்த்த பிறகு தெரிந்தது, வங்கியின் கணக்கு சரி. அக்காவிடம் அபராதம் பற்றிச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த மீதிப் பாதிதான் பெரிய தொகை. எஃப்.டி. வைத்திருக்கும் பலருக்கும் அது உடைக்கிற நாள்வரை தெரிவதில்லை என்பதால் அவளுடைய கணக்கையே முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன்.

எஃப்.டி. போடப்பட்டது 2024 ஜூன் 10. தொகை 4,00,000. காலம் 24 மாதம். வட்டி வருடத்துக்கு 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் வரவாகும். அதன்படி செப்டம்பர் 10, டிசம்பர் 10, மார்ச் 10 என்று மூன்று முறை தலா 7,000 ரூபாய் வந்திருக்கிறது. மொத்தம் 21,000. நான்காவது காலாண்டு முடிய 11 நாள் இருக்கும்போது உடைத்துவிட்டாள்.

அவள் மனதில் இருந்த கணக்கு இது: 7 சதவீதத்தில் 1 சதவீதம் போனால் 6 சதவீதம். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு 6 சதவீதம் என்றால் 23,000 ரூபாயை ஒட்டி வட்டி வரவேண்டும். 21,000 ஏற்கெனவே வந்துவிட்டது. ஆக, அசலோடு இன்னும் ஓர் இரண்டாயிரமாவது சேர்ந்து வரும்.

இந்தக் கணக்கில் பிசகு முதல் வரியிலேயே இருக்கிறது. அபராதம் 7 சதவீதத்திலிருந்து கழிக்கப்படுவதே இல்லை.

வைப்பு வட்டி பற்றிய ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதிர்வுக்கு முன்னால் எடுக்கப்படும் டெபாசிட்டுக்கு ஒப்பந்த வட்டி கிடையாது. பணம் உண்மையில் எத்தனை நாள் வங்கியில் இருந்ததோ, அந்தக் காலத்துக்கும் அந்தத் தொகைக்கும் உரிய வட்டி வீதம்தான் உண்டு. அதன்மேல் அபராதம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்துகொள்ளலாம். டெபாசிட் வாங்கும்போதே அதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். வங்கியின் குறைந்தபட்சக் காலமே முடியாமல் எடுத்தால் வட்டியே கிடையாது. உள்நாட்டு டெபாசிட்டுக்கு அந்தக் குறைந்தபட்சம் 7 நாள்.

ஆக, வெட்டு இரண்டு தடவை விழுகிறது. முதல் வெட்டு, வட்டி வீதம் கீழே இறங்குவது. இரண்டாவது வெட்டுதான் அபராதம். பெயர் இருப்பது இரண்டாவதற்கு மட்டும் என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

வீதம் ஏன் இறங்குகிறது? வங்கி 7 சதவீதம் தருவதாகச் சொன்னது இரண்டு வருடம் பணம் தன்னிடம் இருக்கும் என்ற பேச்சின் மேல். இரண்டு வருடப் பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுக்கலாம். ஆறு மாதத்தில் திரும்பிப் போகிற பணத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அதற்குக் குறைந்த வட்டிதான் தருவார்கள். பாதியில் பணத்தை எடுத்தவுடன், 'இந்த வாடிக்கையாளர் முதல் நாளே இத்தனை நாளுக்குத்தான் போட்டிருக்கிறார்' என்று வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து மறுபடி கணக்குப் போடுகிறார்கள். இந்த 'முதல் நாளிலிருந்து' என்பதை அழுத்திச் சொல்கிறேன். உடைத்த நாளுக்குப் பிறகுதான் வட்டி குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கடந்துபோன ஒவ்வொரு நாளின் வட்டியும் திருத்தப்படுகிறது.

இப்போது அக்காவின் வங்கி 2024 ஜூன் 10 அன்று வைத்திருந்த வட்டி அட்டவணையில் நமக்குத் தேவையான மூன்று வரிகளைப் பார்ப்போம். 180 நாள் முதல் ஒரு வருடத்துக்குள் 5.75 சதவீதம். ஒரு வருடம் முதல் இரண்டு வருடத்துக்குள் 6.60 சதவீதம். இரண்டு வருடம் முதல் மூன்று வருடத்துக்குள் 7 சதவீதம். பணம் வங்கியில் இருந்தது ஜூன் 10 முதல் மே 30 வரை, 354 நாள். போட்ட நாள் கணக்கில் சேரும், எடுத்த நாள் சேராது. 354 நாள் என்பது முதல் வரியில் விழுகிறது. வீதம் 5.75. அதில் அபராதம் 1 சதவீதம் கழித்தால் 4.75.

இதுதான் அவளுக்கு உரிய வட்டி வீதம். அவள் எதிர்பார்த்த 6 இல்லை.

மூன்று முழுக் காலாண்டுக்கு, காலாண்டுக்கு 4,750 வீதம் 14,250 ரூபாய். மீதி 81 நாளுக்கு, 365 நாள் கொண்ட வருடத்தின் விகிதத்தில் 4,216 ரூபாய். மொத்தம் 18,466. ஆனால் வங்கி ஏற்கெனவே 21,000 கொடுத்துவிட்டது, 7 சதவீதம் என்று நம்பி. கூடுதலாகப் போன 2,534 ரூபாயைத் திரும்ப எடுக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பது? வட்டி எல்லாம் அக்காவின் சேமிப்புக் கணக்குக்குப் போய்ச் செலவாகிவிட்டது. கையில் இருப்பது அசல்தான். 4,00,000 கழித்தல் 2,534. விடை 3,97,466.

பாஸ்புக்கில் இருந்த எண் அதேதான்.

அசல் குறைந்ததுபோலத் தெரிகிறதே தவிர, அவள் நஷ்டப்பட்டுவிடவில்லை. முன்னால் வாங்கிய 21,000-ஐயும் சேர்த்தால் அவள் கைக்கு வந்த மொத்தம் 4,18,466. வட்டியை மாதா மாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ வாங்குகிற எஃப்.டி.யில் இந்தப் பிடித்தம் ஏறக்குறைய எப்போதும் வரும். ஓய்வூதியம் இல்லாத பெரியவர்கள் பலரும் இந்த வகையில்தான் போடுகிறார்கள். மாதச் செலவுக்கு வட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவச் செலவுக்கு என்று உடைக்கும்போது போட்டதைவிடக் குறைவாக வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கவுன்ட்டரில் இருப்பவர், 'நீங்கள் வாங்கிய வட்டியில் இவ்வளவு அதிகம், அதை அசலில் கழிக்கிறோம்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பாதிப் பதற்றம் அடங்கிவிடும். அக்காவுக்கு அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை.

உண்மையான இழப்பு எவ்வளவு? உடைக்காமல் இருந்திருந்தால் அந்த 354 நாளுக்கு 7 சதவீதத்தில் 27,213 ரூபாய் சேர்ந்திருக்கும். கிடைத்தது 18,466. வித்தியாசம் 8,747. இதில் அபராதத்தின் பங்கு நான்காயிரத்துக்கும் குறைவு. வட்டி வீதம் 7-லிருந்து 5.75-க்கு இறங்கியதால் போனதுதான் அதைவிட அதிகம். பேச்சில் வராத வெட்டே பெரிய வெட்டு.

இந்தக் கணக்கில் என் மனதைக் குடைந்த இடம் வேறு. மே 30-க்குப் பதிலாக அவள் ஜூன் 10 அன்று உடைத்திருந்தால்? பதினொரே நாள் தாமதம். அன்று டெபாசிட்டுக்கு ஒரு வருடம் முடிந்திருக்கும். அட்டவணையில் அடுத்த வரிக்குப் போயிருக்கும். வீதம் 6.60, அபராதம் போக 5.60. நான்கு லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 22,400. அதாவது மொத்தம் 4,22,400 கைக்கு வந்திருக்கும். மே 30 அன்று வந்ததைவிட 3,934 ரூபாய் அதிகம்.

நான்கு லட்சத்துக்கு 11 நாளின் வட்டி 7 சதவீதத்திலேயே 850 ரூபாய் தேறாது. ஆனால் அந்த 11 நாள், முன்னால் போன 354 நாளையும் தூக்கி மேல் வரியில் வைத்துவிடுகிறது. அட்டவணையின் வரிகள் பிரியும் இடங்களில் எல்லாம் இப்படி ஒரு படி இருக்கிறது. ஆகவே எஃப்.டி.யை உடைக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அடுத்த படி எத்தனை நாள் தள்ளி இருக்கிறது என்பது. 180 நாள், ஒரு வருடம், இரண்டு வருடம் போன்றவை பல வங்கிகளில் படிகளாக இருக்கும். அதோடு, 400 நாள், 444 நாள் என்று சிறப்புத் திட்டங்களும் உண்டு. ஆனால் அந்தச் சிறப்பு வட்டி அந்தத் திட்டத்தில் போட்டு முழுக் காலமும் வைத்திருப்பவருக்குத்தான், வேறு திட்டத்தில் போட்டுத் தற்செயலாக அத்தனை நாளில் உடைப்பவருக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே ஒரு விஷயம். ஜூன் 10 அன்று உடைத்திருந்தால் நான்கு காலாண்டு வட்டியும், அதாவது 28,000 ரூபாயும், ஏற்கெனவே வந்திருக்கும். அதனால் முடிப்பு வரவு 3,94,400 என்று இன்னும் குறைவாகத் தெரியும். உண்மையில் அதுதான் லாபமான முடிவு. முடிப்பு வரவை மட்டும் பார்த்து எது நல்லது என்று முடிவு செய்ய முடியாது. இதுவரை வாங்கிய வட்டியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"எனக்கு மே 30 அன்னிக்கே பணம் வேணுமே, பதினோரு நாள் எப்படிக் காத்திருக்கிறது?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குத் தேவைப்பட்டது மூன்றரை லட்சம். அதற்கு எஃப்.டி.யின் மேலேயே கடன் வாங்கியிருக்கலாம். பொதுவாக டெபாசிட் தொகையில் 90 சதவீதம்வரை கொடுப்பார்கள்; வட்டி, எஃப்.டி. வட்டியைவிட 1 சதவீதம் கூடுதல் என்பது பல வங்கிகளின் வழக்கம். அவளுக்கு 8 சதவீதம் ஆகியிருக்கும். மூன்றரை லட்சத்துக்கு 11 நாள் வட்டி 844 ரூபாய். ஜூன் 10 அன்று எஃப்.டி.யை உடைத்துக் கடனை அடைத்திருந்தால், 3,934-இல் 844 போக 3,090 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கடனை அப்படியே முதிர்வுவரை, 2026 ஜூன் 10 வரை, இழுத்திருந்தால்? மூன்றரை லட்சத்துக்கு எஃப்.டி. வட்டிக்கு மேல் கட்ட வேண்டிய கூடுதல் அந்த 1 சதவீதம்தான். 376 நாளுக்கு அது 3,605 ரூபாய். உடைத்ததால் உடனே போனது 8,747. ஆகவே வட்டியை அவ்வப்போது கட்டிக்கொண்டு போக முடியும் என்றால் கடன்தான் மலிவு. இதற்கு ஓர் எல்லை உண்டு. எஃப்.டி. வட்டி முழுவதும் வருமான வரிக்கு உட்பட்டது. சொந்தச் செலவுக்கு வாங்கிய கடனின் வட்டியை அதில் கழிக்க முடியாது. வரியே கட்டாத அக்காவுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தும். 30 சதவீதம் வரி கட்டுபவருக்கு அது தலைகீழாகவும் போகலாம்; அவர் உடைத்துவிடுவதே மேல் என்று வரலாம். டெபாசிட் போட்டு ஒன்றிரண்டு மாதத்திலேயே உடைப்பவருக்கும் அப்படித்தான், ஏனென்றால் இழக்கப்போகிற வட்டியே கொஞ்சம்.

இதுவரை பார்த்தது வட்டியைக் கையில் வாங்குகிற வகை. வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் மொத்தமாக வருகிற வகையில் விதி அதேதான், பெருக்கல்தான் மாறும். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. முழுக் காலாண்டுகள் முடிந்தபின் மிஞ்சும் நாட்களுக்கு, அதுவரை சேர்ந்த தொகைமேல் நாள் கணக்கில் தனிவட்டி. சூத்திரமாக எழுதினால்:

```
A = P × (1 + r/400)^n × (1 + r × d / 36500)
```

P அசல், r இரண்டு வெட்டும் போன பிறகு மிஞ்சும் வட்டி வீதம், n முழுக் காலாண்டுகளின் எண்ணிக்கை, d மிச்ச நாள். அக்காவின் தொகையையும் தேதிகளையும் இதிலேயே வைத்துப் பார்ப்போம். r 4.75, n 3, d 81. மூன்று காலாண்டுக்குப் பிறகு 4,14,420 ஆகிறது. 81 நாளுக்குப் பிறகு 4,18,788. முன்னால் எதையும் கொடுக்காததால் அசலில் பிடித்தம் இல்லை. இந்தத் தொகை அப்படியே வரவாகும். ஆகவே இந்த வகையில் உடைப்பவர்களுக்கு அதிர்ச்சி குறைவு. 'எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கம்மி' என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். இழப்பு என்னவோ ஒன்றுதான்.

சேர்ந்துகொண்டே போகும் வகையில் சிக்கல் வருவது டி.டி.எஸ். இருந்தால். வட்டி கைக்கு வராவிட்டாலும், நிதியாண்டு முடிவில் அதுவரை சேர்ந்த வட்டிக்கு வங்கி வரி பிடிக்கும். ஒருவருக்கு அந்த வங்கியில் வருகிற மொத்த வட்டி வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். அந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000 ரூபாய், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். அதற்கு முந்தைய வருடம் 40,000-மும் 50,000-மும். பான் கொடுத்திருந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள்.

அக்காவுக்கு வேறு டெபாசிட் இல்லை, பிடித்தம் வரவில்லை. வேறு டெபாசிட்டுகளும் உள்ள ஒருவர் இதே தேதியில் இதே தொகையைப் போட்டிருந்தால் 2025 மார்ச் 31 அன்று அவருக்கு 7 சதவீதத்தில் சேர்ந்த வட்டி 23,067 என்று வங்கி கணக்கிட்டு, அதற்கு 2,307 ரூபாய் வரி பிடித்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அவர் உடைக்கிறார். முழு 354 நாளுக்கும் சேர்த்தே கிடைக்கும் வட்டி 18,788. ஆக, கைக்கு வராத 4,279 ரூபாய்க்கும் வரி போய்விட்டது. அதே நிதியாண்டுக்குள் உடைத்திருந்தால், அவருடைய மற்ற டெபாசிட்டுகளுக்குப் பிடிக்க வேண்டிய வரியில் இதை வங்கி சரிக்கட்டிக்கொள்ள முடியும். வருடம் தாண்டிவிட்டால் அந்த வரி அரசுக்குப் போய்விட்டது. கவுன்ட்டரில் கேட்டுப் பயனில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அந்தப் பிடித்தத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதற்காக, உடைத்த நாளிலேயே வங்கியிடம் வட்டிச் சான்றிதழும் கணக்கு முடிப்புத் தாளும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு அலைய வேண்டியிராது. டி.டி.எஸ். தொகையைச் சில இடங்களில் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பார்கள், சில இடங்களில் எஃப்.டி.யிலிருந்தே எடுப்பார்கள். எஃப்.டி.யிலிருந்தே எடுத்திருந்தால் முடிப்பு வரவு அந்த அளவுக்குக் குறையும். வங்கி சொல்கிற எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க நினைப்பவர்கள் வழக்கமாக இடறுவது அட்டவணையின் தேதியில். வங்கியின் இணையதளத்தில் இன்றைய வட்டி அட்டவணையைத் திறந்து பார்க்கிறார்கள். அது உதவாது. டெபாசிட் போட்ட அன்று நடப்பில் இருந்த அட்டவணைதான் கணக்கு. இடையில் வட்டி ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அது உங்களைத் தொடாது. பழைய அட்டவணைகளைப் பல வங்கிகள் இணையதளத்தில் தனியாக வைத்திருக்கின்றன; இல்லையென்றால் கிளையில் கேட்டு வாங்கலாம்.

தானாகப் புதுப்பிக்கப்படும் எஃப்.டி.யில் இதைவிடப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒருவர் ஐந்து வருடமாக ஒரு வருட எஃப்.டி.யைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்; கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டு 40 நாளில் உடைக்கிறார் என்று வையுங்கள். அவர் நினைப்பில் அது ஐந்து வருட டெபாசிட். வங்கிக் கணக்கில் அது 40 நாள் டெபாசிட். முந்தைய வருடங்களின் வட்டி பத்திரமாக அசலில் சேர்ந்திருக்கும், அதை யாரும் தொட மாட்டார்கள். இந்த 40 நாளுக்கு மட்டும் 40 நாள் வீதம், அதிலும் அபராதம் போக. புதுப்பிக்கும் தேதிக்குச் சில நாள் முன்னால் பணம் தேவைப்படும் என்று தெரிந்தால், புதுப்பிக்க வேண்டாம் என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

குறுகிய கால வட்டி நீண்ட கால வட்டியைவிட அதிகமாக இருக்கிற காலமும் வருவதுண்டு. ஐந்து வருடத்துக்கு 6.50, ஒரு வருடத்துக்கு 7.10 என்று அட்டவணை இருந்தால், ஐந்து வருட டெபாசிட்டை ஒன்றரை வருடத்தில் உடைப்பவருக்கு 7.10-லிருந்து கழிப்பார்களா? மாட்டார்கள். ஒப்பந்த வீதம், இருந்த காலத்துக்கான வீதம், இவற்றில் எது குறைவோ அதிலிருந்துதான் அபராதம் கழியும் என்று வங்கிகள் விதி வைத்திருக்கின்றன. பாரத ஸ்டேட் வங்கியின் விதி இப்படித்தான் இருக்கிறது. அங்கே சில்லறை டெபாசிட்டில் ஐந்து லட்சம்வரை அபராதம் அரை சதவீதம், அதற்கு மேல் ஒரு சதவீதம். அக்காவின் வங்கியில் எல்லாத் தொகைக்கும் ஒரே சதவீதம். உங்கள் வங்கியின் எண் என்ன என்பது எஃப்.டி. ரசீதின் பின்பக்கத்திலோ விண்ணப்பத்தின் நிபந்தனைகளிலோ அச்சாகியிருக்கும்.

டெபாசிட்தாரர் இறந்துவிட்டால் நிலைமை வேறு. நாமினியோ வாரிசோ முதிர்வுக்கு முன்னால் கேட்டால் அபராதம் விதிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி வீதம் இருந்த காலத்துக்கு ஏற்ப இறங்கும், ஆனால் அந்த இரண்டாவது வெட்டு கிடையாது. துக்க வீட்டில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. பழக்க வேகத்தில் அபராதமும் கழிக்கப்பட்டிருந்தால், முடிப்புத் தாளைப் பார்த்துத் திரும்பக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

உடைக்கவே முடியாத எஃப்.டி.யும் உண்டு. ஐந்து வருட வரிச் சேமிப்பு டெபாசிட் அந்த வகை. அதன்மேல் கடனும் கிடைக்காது. கொஞ்சம் கூடுதல் வட்டிக்கு, முன்கூட்டி எடுக்கும் வசதி இல்லாத டெபாசிட்டுகளையும் வங்கிகள் விற்கின்றன. ஆனால் 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வகுத்தபடி, தனிநபர்களிடம் ஒரு கோடி ரூபாய்வரை வாங்கும் டெபாசிட்டில் இந்த வசதி இருந்தாக வேண்டும். அதற்கு முன் அந்த வரம்பு 15 லட்சமாக இருந்தது.

அக்காவின் தாளுக்கே திரும்பி வருகிறேன். நான் போட்ட 18,466-க்கும் வங்கியின் எண்ணுக்கும் வித்தியாசம் வரவில்லை. வந்திருந்தாலும் சிறிய வித்தியாசம் என்றால் பதற வேண்டாம். காலாண்டு காலாண்டாகப் பிரிக்காமல் 354 நாளையும் ஒரே நீட்டில் கணக்கிட்டால் வட்டி 18,427 வருகிறது. 39 ரூபாய் குறைவு. காலாண்டை டெபாசிட் தேதியிலிருந்து எண்ணுவதா, மார்ச், ஜூன் என்று நாள்காட்டிப்படி எண்ணுவதா என்பதிலும் இப்படிச் சில பத்து ரூபாய் அசையும். அது கணக்கிடும் முறையில் வருவது. ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தால் காரணம் வேறு: அட்டவணையில் தப்பான வரியை எடுத்திருப்பார்கள், அபராதத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள், மூத்த குடிமகனுக்கு உரிய கூடுதல் வீதத்தை விட்டிருப்பார்கள், அல்லது ஏற்கெனவே கொடுத்த வட்டியில் ஒரு தவணையை இரண்டு முறை எண்ணியிருப்பார்கள். அப்போது கிளைக்கு எழுதும் கடிதத்தில் புலம்ப வேண்டியதில்லை. டெபாசிட் நாள், முடித்த நாள், நாட்களின் எண்ணிக்கை, போட்டுக்கொண்ட வட்டி வீதம், கழித்த அபராதம், முன்னால் கொடுத்த வட்டி, இந்த ஆறையும் எழுத்தில் கேட்டால் போதும். தவறு எந்த வரியில் என்று தானே தெரிந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ரசீதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், நிபந்தனைகளின் நடுவில், பொடி எழுத்தில் அது இருந்தது. "இதை நான் கையெழுத்துப் போடும்போது யாராவது வாய்விட்டுப் படிச்சுச் சொல்லியிருந்தா, ஜூன் பத்து வரைக்கும் கைமாத்து வாங்கியாவது சமாளிச்சிருப்பேனே" என்றாள்.